பின்னணி இல்லாததுபோல் நடிக்கும் படங்கள்: போலிக் கட்டங்களை நீக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமண அழைப்பிதழும் கோயில் விழாப் பதாகையும் தாங்களே வடிவமைத்துக்கொள்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன்: மல்லிகைச் சரம் சுற்றி, சுடர் எரியும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அளவு 1200×1600 பிக்சல். அரக்கு நிற அழைப்பிதழின் மேல் வைத்ததும் விளக்கைச் சுற்றி வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டங்கள் தெரிகின்றன. வேலை முழுவதையும் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். மெனுப் பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே கொடுத்திருக்கிறேன்.

பின்னணி இல்லாத படம் என்று பார்த்துத்தானே இறக்கினேன், பிறகு ஏன் கட்டம் கட்டமாக வருகிறது?

உண்மையிலேயே பின்னணி இல்லாத படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணும் இருக்கும். அந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அது சொல்கிறது. அதற்கு ஆல்பா என்று பெயர். ஆல்பா சுழியாக உள்ள இடத்தில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே மென்பொருள்கள் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று நமக்கு உணர்த்தக் கட்டங்களை வரைந்து காட்டுகின்றன. அந்தக் கட்டங்கள் திரையில் மட்டுமே இருப்பவை, கோப்பில் இல்லாதவை.

உங்களிடம் வந்திருப்பது அப்படிப்பட்ட திரையை யாரோ படம்பிடித்துச் சேமித்தது, அல்லது ஓர் இணையதளம் கட்டங்களோடு தயாரித்து வைத்திருந்த முன்னோட்டப் படம். அதில் கட்டங்கள் விளக்கைப் போலவே உண்மையான பிக்சல்களாகிவிட்டன. வெள்ளைக் கட்டம் 255, சாம்பல் கட்டம் 204 என்று அவற்றுக்கு நிற எண்களும் உண்டு.

இறக்குவதற்கு முன்பே போலி என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

தேடல் முடிவுகளின் பட்டியலில் உள்ள சிறிய படத்தைப் பாருங்கள். அங்கேயே கட்டங்கள் தெரிந்தால் அநேகமாக அது போலி. உண்மையான படம் பட்டியலில் ஒரே நிறப் பின்னணியோடு தெரியும். கோப்பின் பெயர் .jpg என்று முடிந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, ஜேபெக் வடிவத்தில் ஆல்பாவுக்கு இடமே கிடையாது.

தேடல் பக்கத்தில் தெரியும் படத்தையே பலர் சேமித்துவிடுகிறார்கள். அந்தப் படம் இருக்கும் தளத்துக்குப் போய் அங்குள்ள பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால் சில நேரம் உண்மையான கோப்பே கிடைத்துவிடும், கீழே சொல்லப்போகும் எந்த வேலையும் தேவைப்படாது. அந்தத் தளம் படத்தை விலைக்கு விற்கிறது என்றால் அதன் முன்னோட்டத்தைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

இறக்கியாயிற்று. திறந்து பார்த்தாலும் கட்டம்தான் தெரிகிறது. உண்மையா போலியா என்று எப்படி உறுதி செய்வது?

கிம்ப்பில் திறந்து படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கோடு சேர்ந்து கட்டங்களும் பெரிதானால் அவை படத்தின் பகுதி, அதாவது போலி. விளக்கு பெரிதாகும்போதும் கட்டங்கள் திரையில் அதே அளவில் நின்றால் அவை கிம்ப் வரைந்து காட்டுபவை, உங்கள் படம் நல்ல படம்தான்.

நிறைய கோப்புகளைச் சோதிக்க வேண்டியவர்கள் இமேஜ்மேஜிக் நிறுவியிருந்தால் இந்தக் கட்டளை போதும்:

```
magick identify -format "%[opaque]" vilakku.png
```

`True` என்று வந்தால் படத்தில் ஒளிபுகும் பிக்சல் ஒன்றுகூட இல்லை.

ஜேபெக்காக வந்த படத்தை பிஎன்ஜி ஆகச் சேமித்தால் கட்டங்கள் போய்விடாதா?

போகாது. ஆல்பாவை வைத்துக்கொள்ளும் வசதி பிஎன்ஜியில் இருக்கிறது, அதை நிரப்புகிற வேலை நம்முடையது. ஜேபெக்காக ஒருமுறை சேமிக்கப்பட்ட படத்தில் வேறொரு சேதமும் நிகழ்ந்திருக்கும். நிறம் எடுக்கும் கருவியால் வெள்ளைக் கட்டத்தின் சில இடங்களைத் தொட்டுப் பாருங்கள். 255, 253, 254 என்று எண் ஆடும். சாம்பல் கட்டத்தில் 201 முதல் 207 வரை வரலாம். விளக்கின் ஓரத்துக்கு அருகே ஆட்டம் இன்னும் அதிகமாக இருக்கும். பிஎன்ஜியாக மாற்றிய பிறகும் இந்தப் புழுதி அப்படியே இருக்கும். 'சரியாக 204' என்று தேடும் எந்த முறையும் இதில் தோற்கும். கீழே வரும் முறைகளில் கொஞ்சம் தளர்வு விட்டிருப்பது அதனால்தான்.

தேர்வுக் கருவியால் பின்னணியைத் தொட்டால் ஒரே ஒரு கட்டம்தான் தேர்வாகிறது. ஒவ்வொன்றாகத் தொட்டு முடிக்க வேண்டியதுதானா?

வேண்டாம். Fuzzy Select கருவி தொட்ட இடத்தின் நிறத்தை ஒத்த பிக்சல்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போகும். எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்பதை Threshold தீர்மானிக்கிறது. இயல்பாக அது 15. வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடையே 51 வேறுபாடு இருப்பதால் கருவி கட்டத்தின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. Threshold-ஐ 55 ஆக்கிவிட்டு ஒரு வெள்ளைக் கட்டத்தைத் தொடுங்கள். விளக்கைச் சுற்றிய வெளிப்பரப்பு முழுவதும் ஒரே தொடுதலில் தேர்வாகிவிடும். பித்தளையின் மஞ்சளில் நீல எண் மிகவும் குறைவு, எனவே தேர்வு விளக்குக்குள் நுழையாது.

சங்கிலி வளையத்துக்குள்ளும் தண்டின் வேலைப்பாட்டுக்குள்ளும் சிக்கிய கட்டங்களை ஷிப்ட் விசையை அழுத்தியபடி தொட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு Layer → Transparency → Add Alpha Channel கொடுத்துவிட்டு அழிக்கலாம். ஆல்பாவைச் சேர்க்காமல் அழித்தால் அந்த இடத்தில் பின்னணி நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும், பலரும் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். வெள்ளைப் பகுதி ஏதும் இல்லாத வெறும் பித்தளை விளக்குக்கு இந்த முறையே போதும்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். கட்டங்களோடு மல்லிகைச் சரமும் பாதி அழிந்துவிட்டது. வெள்ளைப் பூவை எப்படிக் காப்பாற்றுவது?

நிறத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கருவியாலும் வெள்ளைப் பூவையும் வெள்ளைக் கட்டத்தையும் பிரிக்க முடியாது. ஆனால் கட்டங்களிடம் நிறத்தைத் தவிர இன்னொன்று இருக்கிறது: ஒழுங்கு. எந்த இடத்தில் வெள்ளை வர வேண்டும், எந்த இடத்தில் சாம்பல் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சாம்பல் வர வேண்டிய இடத்தில் வெள்ளை இருந்தால் அங்கே பூ இருக்கிறது. இதுதான் முழு முறைக்கும் அடிப்படை. போலிக் கட்டங்களோடு மல்லுக்கட்டுபவர்கள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒரு கட்டத்தின் அளவைப் பாருங்கள். நம் படத்தில் அது 16 பிக்சல். ஆகவே 32 பிக்சலுக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வரும். Rectangle Select கருவியில் இடம் 0, 0 என்றும் அளவு 32×32 என்றும் கொடுத்து, படத்தின் இடது மேல் மூலையிலிருந்து ஒரு துண்டை நகலெடுங்கள். தேர்வை நீக்கிவிட்டுப் புதிய லேயர் ஒன்றைச் சேருங்கள். Bucket Fill கருவியில் Pattern fill என்பதைத் தேர்ந்து, வடிவங்களில் முதலாவதாக இருக்கும் Clipboard Image-ஐக் கொண்டு லேயர் முழுவதையும் நிரப்புங்கள். இப்போது விளக்கே இல்லாத வெறும் கட்டங்களின் லேயர் ஒன்று, அடியிலுள்ள கட்டங்களோடு பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தி நிற்கிறது.

அந்த லேயரின் Mode-ஐ Difference என்று மாற்றுங்கள். மேலும் கீழும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். பின்னணி மறைந்து, விளக்கு மட்டும் விநோதமான நிறங்களில் தெரியும். மல்லிகைச் சரத்தை நெருங்கிப் பாருங்கள். வெள்ளைக் கட்டத்தின் மேல் விழுந்த பூப்பகுதி கறுப்பாகியிருக்கும், சாம்பல் கட்டத்தின் மேல் விழுந்த பகுதி மங்கலாக ஒளிரும். சரம் முழுவதும் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் தெரிவதால், சரம் எதுவரை போகிறது என்று இப்போது கண்ணுக்குப் புலப்படுகிறது.

அடுத்து Layer → New from Visible கொடுத்து, கிடைக்கும் புதிய லேயருக்கு Colors → Threshold பயன்படுத்துங்கள். கீழ் எல்லையை 20 அளவில் தொடங்கி நகர்த்திப் பாருங்கள். அதற்குக் குறைவானது முந்தைய பதிலில் சொன்ன ஜேபெக் புழுதி, 51 வரை வருவது பூ. எல்லையைச் சரியாக வைத்தால் விளக்கு வெள்ளையாகவும் பின்னணி கறுப்பாகவும் பிரியும். சரத்துக்குள் கறுப்பாக நிற்கும் கட்டங்களை வெள்ளைத் தூரிகையால் நிரப்புங்கள். பூவின் ஓரம் ஒரு வெள்ளைக் கட்டத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் ஊகம் தேவைப்படும். இருபுறச் சாம்பல் கட்டங்களிலும் ஓரம் எங்கே முடிகிறது என்று பார்த்து, இதழின் வளைவைத் தொடர்ந்து வரையுங்கள். இடைவெளி 16 பிக்சல்தான் என்பதால் கை தவறினாலும் பெரிதாகத் தெரியாது. வெளியே சிதறிக் கிடக்கும் வெள்ளைப் புள்ளிகளைக் கறுப்பால் மூடிவிடுங்கள்.

கடைசியாக விளக்கு லேயருக்கு Layer → Mask → Add Layer Mask கொடுத்து, இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நகலெடுத்து மாஸ்க்கில் ஒட்டுங்கள். மற்ற லேயர்களை மறைத்தால் பூவோடு விளக்கு மட்டும் நிற்கும். பிக்சல்களை அழிப்பதைவிட மாஸ்க் நல்லது. நாளைக்கு ஓர் இதழ் குறைந்திருப்பது தெரிந்தால் வெள்ளைத் தூரிகையால் அதை மீட்டுவிடலாம்.

இடது மூலையில் சரியாகக் கறுப்பாகிறது, வலப்பக்கம் போகப் போகக் கோடு கோடாக வருகிறதே?

யாரோ அந்தப் படத்தை முன்பே சிறிதாக்கியிருக்கிறார்கள். அதனால் கட்டத்தின் அளவு முழு எண்ணாக இல்லை. ஒரு கட்டம் 13 பிக்சல், அடுத்தது 14 என்று மாறி மாறி வந்தால் நீங்கள் நகலெடுத்த துண்டு ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக விலகும். வலது ஓரத்துக்குப் போகும்போது அந்த விலகல் கோடுகளாகத் தெரிகிறது.

ஒரு கட்டத்தை அளக்காமல் முழு வரிசையையும் எண்ணுங்கள். உதாரணமாக, 1000 பிக்சல் அகலத்தில் சரியாக 75 கட்டங்கள் இருந்தால் ஒரு கட்டம் 13.33 பிக்சல். அதைவிடப் பெரிதாக, ஒரு கட்டம் 20 பிக்சல் என்று வைத்து 1500 பிக்சல் அகலத்தில் Filters → Render → Pattern → Checkerboard மூலம் புதிய கட்டங்களை வரையுங்கள். நிறங்களாக உங்கள் படத்தின் 255-ஐயும் 204-ஐயும் கொடுங்கள். உயரத்துக்கும் இதே கணக்கு. பிறகு அந்த லேயரை Layer → Scale Layer மூலம் 1000 பிக்சலுக்குச் சுருக்கினால் அடியிலுள்ளவற்றோடு பொருந்தும். கட்டங்களின் எல்லைகளில் மெல்லிய கோடுகள் மிஞ்சலாம். Threshold எல்லையைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலானவை போய்விடும். எல்லை 40-ஐத் தாண்டினால் பூவும் சேர்ந்து கரையத் தொடங்கும், அதற்கு மேல் போகாமல் மிச்சத்தைத் தூரிகையால் மூடுங்கள்.

எல்லாம் முடித்து அரக்கு நிறத்தின் மேல் வைத்தேன். விளக்கைச் சுற்றிப் பல் பல்லாக வெள்ளை ஓரம் தெரிகிறது.

பொருளின் ஓரப் பிக்சல்கள் முழுவதும் பித்தளையும் அல்ல, முழுவதும் பின்னணியும் அல்ல, இரண்டும் கலந்தவை. வெள்ளைக் கட்டத்தை ஒட்டியவை வெளுத்தும் சாம்பலை ஒட்டியவை மங்கியும் இருக்கும். பல் போலத் தெரிவது இந்த மாற்றம்தான். வெளிர் நிறப் பின்னணியில் இது கண்ணில் படாது, அரக்கு போன்ற அடர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். அதனால் மாஸ்க் செய்யும்போதே அடியில் ஓர் அடர் நிற லேயரை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளே தள்ளிவிடு என்றுதான் பலரும் சொல்வார்கள். தடித்த தண்டுக்கு அது சரி. ஆனால் மூன்று பிக்சல் பருமனே உள்ள சங்கிலி அதில் காணாமல் போய்விடும். எனக்குப் பிடித்த வழி வேறு. மாஸ்க்கைத் தொடாமல் விளக்கு லேயரின் சிறு படத்தைச் சொடுக்குங்கள். Clone கருவியால் சற்று உள்ளே இருக்கும் பித்தளை நிறத்தை எடுத்து, ஓரத்தின் மேலும் அதைத் தாண்டி நான்கைந்து பிக்சல் வெளியிலும் பூசிக்கொண்டே போங்கள். வெளியே போனதை மாஸ்க் மறைத்துக்கொள்ளும், உருவம் ஓர் இம்மியும் மாறாது, வெளுப்பு மட்டும் போய்விடும்.

விளக்கின் அடியில் நிழல், சுடரைச் சுற்றி ஒளி. இரண்டுக்குள்ளும் கட்டங்கள் தெரிகின்றன. இவற்றை என்ன செய்வது?

கட்டங்கள் உள்ளே தெரிகின்றன என்பது நல்ல செய்தி. அந்த நிழல் எவ்வளவு அடர்த்தி என்பதை அவற்றை வைத்தே கணக்கிட்டுவிடலாம். நிழலுக்குள் பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கட்டத்தையும் சாம்பல் கட்டத்தையும் நிறம் எடுக்கும் கருவியால் தொடுங்கள். நம் படத்தில் 153, 122 என்று வருகிறது. வெளியே இருந்த 51 வேறுபாடு நிழலுக்குள் 31 ஆகச் சுருங்கியிருக்கிறது. 31-ஐ 51-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.6. அதாவது பின்னணியில் பத்தில் ஆறு பங்கு தெரிகிறது, நிழலின் அடர்த்தி 40 சதவீதம். 255-இல் 60 சதவீதமே 153 என்பதால் நிழல் தன் பங்காக எந்த நிறத்தையும் சேர்க்கவில்லை, அது தூய கறுப்பு.

இவ்வளவு தெரிந்த பிறகு பழைய நிழலைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டியதில்லை. அதை மாஸ்க்கில் மூடிவிட்டு, விளக்குக்கு அடியில் புதிய லேயரில் மென்மையான கறுப்புத் தூரிகையால் அதே வடிவில் நிழலை வரைந்து, லேயரின் Opacity-ஐ 40 ஆக வையுங்கள். நிழல் ஓரத்துக்கு ஓரம் மெலிவதால் இந்த எண் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும், கடைசி முடிவைக் கண்தான் எடுக்க வேண்டும். சுடரின் ஒளிக்கும் இதே வழிதான். சுடரின் உட்பகுதியை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள ஒளியை ஆரஞ்சு நிறத்தில் புதிதாக வரையுங்கள்.

நிழலுக்குள் கட்டங்களே தெரியாமல் அது வெளிர் வட்டமாக இருந்தால் கதை வேறு. வெள்ளைப் பின்னணியோடு இருந்த விளக்கை அரைகுறையாக வெட்டிக் கட்டங்களின் மேல் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அங்கே கணக்கிட எதுவும் இல்லை, மொத்தமாக நீக்கிவிடுங்கள்.

அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பின்னணியோடு வந்திருக்கிறது என்கிறார்கள்.

புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை ஜேபெக்காக மாற்றிவிடுகிறது, ஆல்பா அங்கேயே தொலைந்துவிடுகிறது. File → Export As மூலம் பிஎன்ஜியாகச் சேமித்து, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

பெரிய அளவில் சுத்தமாக இருக்கிறது. வேறொரு மென்பொருளில் சிறிதாக்கியதும் ஓரத்தில் மறுபடியும் கட்டங்களின் சாயல் தலைகாட்டுகிறது. எங்கிருந்து வருகிறது?

மாஸ்க் கட்டங்களை மறைத்ததே தவிர அழிக்கவில்லை. பிஎன்ஜியாகச் சேமிக்கும்போது Save color values from transparent pixels என்ற தேர்வு இயக்கத்தில் இருந்தால், ஆல்பா சுழியாக உள்ள பிக்சல்களின் பழைய வெள்ளையும் சாம்பலும் கோப்போடு சேர்ந்தே போகின்றன. படத்தைச் சிறிதாக்கும் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துதான் புதிய பிக்சலை உருவாக்குகிறது. ஆல்பாவைக் கருத்தில் கொள்ளாமல் கலக்கும் மென்பொருளாக இருந்தால் மறைந்திருந்த நிறமும் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் தேர்வை எடுத்துவிட்டுச் சேமித்துப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். எடுத்த பிறகு வெளுப்புக்குப் பதிலாகக் கறுப்பு ஓரம் வந்தால், பல் பல்லாகத் தெரிவதைப் பற்றிய பதிலில் சொன்னபடி பித்தளை நிறத்தை ஓரத்துக்கு வெளியே இன்னும் சில பிக்சல் நீட்டிப் பூசிவிட்டு, தேர்வை மீண்டும் இயக்கிச் சேமியுங்கள். இப்போது கலப்பதற்கு வெளியே கிடைப்பதும் பித்தளை நிறம்தான். பூச்சரத்தைச் சுற்றியும் அதேபோல் இதழின் நிறத்தை நீட்டிவிட மறக்காதீர்கள்.